நடுவர் இருக்கையில் மொழி மாதிரி: ‘பரிக்ஷா’ ஆய்வை முன்வைத்து ஒரு திறனாய்வு

தேர்வு விடைகளைத் திருத்தும் பணி ஆசிரியர்களின் இரவுகளை விழுங்குவது எல்லாரும் அறிந்ததே. கணினியில் இயங்கும் மொழி மாதிரிகள் தமிழிலும் ஓரளவு எழுதவும் வாசிக்கவும் தலைப்பட்டபின், அவற்றையே திருத்துநராக அமர்த்தினால் என்ன என்னும் வினா இயல்பாகவே எழுகின்றது. ஒரு மாதிரி எழுதிய விடையை இன்னொரு மாதிரி மதிப்பிடுவது ஆய்வுலகில் 2023ஆம் ஆண்டு முதல் பரவலான வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் அங்கிருந்து வகுப்பறைக்கு வருவதற்கு நெடுந்தொலைவு இல்லை. ஆகவே, இந்த நடுவரின் தீர்ப்பு மனிதர்தம் தீர்ப்போடு எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றது, எங்கே விலகுகின்றது, அவ்விலகலை நாம் எவ்வாறு கண்டறிவது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளில் இதனைச் சோதித்த ‘பரிக்ஷா’ என்னும் ஆய்வே நமக்கு முதன்மைச் சான்றாகும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மொழி மாதிரியை நடுவராக்குவதில் இரு முறைகள் உள்ளன. ஒரே வினாவுக்குரிய இரண்டு விடைகளை அருகருகே வைத்து, இவற்றுள் எது சிறந்தது எனக் கேட்பது ஒன்று. இதனை இணை ஒப்பீடு எனலாம். ஒரே ஒரு விடையை மட்டும் கொடுத்து, இதற்கு எத்தனை புள்ளி எனக் கேட்பது மற்றொன்று. இது நேரடிப் புள்ளியிடல். இவ்விரண்டும் ஒரே வேலையின் இரு வடிவங்களாகத் தோன்றினாலும் உண்மையில் அவ்வாறில்லை. பட்டிமன்றத்தில் இரு அணிகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதும், தனியொரு மாணவரின் கட்டுரைக்கு இருபதுக்குப் பன்னிரண்டு என்று இடுவதும் வெவ்வேறு திறன்கள் என்பதைத் திருத்தும் பணியில் இருந்தவர் அறிவர். இயந்திர நடுவரின் நற்பெயர் பெரும்பாலும் முதல் முறையில் ஈட்டப்பட்டது. பள்ளிக்கு வேண்டியதோ இரண்டாம் முறை. இந்த இடைவெளியே நம் கவலைக்குரியது.

அந்த நற்பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். லியன்மின் செங் முதலியோர் 2023இல் வெளியிட்ட ஆய்வொன்று இத்துறையில் அனைவராலும் எடுத்தாளப்படுவது. எண்பது வினாக்கள் கொண்ட ‘எம்டி-பெஞ்ச்’ என்னும் தொகுப்புக்குப் பல மாதிரிகள் தந்த விடைகளை மனிதரும் ஜிபிடி-4 மாதிரியும் தனித்தனியே இணை ஒப்பீட்டு முறையில் மதிப்பிட்டனர். மதிப்பிட்ட மனிதருள் பெரும்பாலோர் பட்டமேற்படிப்பு மாணவர்கள். ஜிபிடி-4க்கும் மனிதருக்கும் இடையிலான ஒத்திசைவு 85 விழுக்காடு; மனிதர் ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையிலான ஒத்திசைவு 81 விழுக்காடு. இயந்திரம் மனிதரோடு ஒத்துப்போகும் அளவுக்கு மனிதரே தமக்குள் ஒத்துப்போகவில்லை என்னும் செய்தி அங்கிருந்துதான் பரவியது.

ஆயின் அந்த 85 எதன் மீது கணக்கிடப்பட்டது என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். இரு விடைகளும் சமம் என்று தீர்ப்பான இணைகள் அக்கணக்கில் நீக்கப்பட்டன. வரிசையை மாற்றியபோது தீர்ப்பை மாற்றிக்கொண்ட இணைகளும் நீக்கப்பட்டன. அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது ஜிபிடி-4க்கும் மனிதருக்கும் இடையிலான ஒத்திசைவு 66 விழுக்காடாகவும், மனிதருக்குள் 63 விழுக்காடாகவும் அதே ஆய்வில் பதிவாகியுள்ளன. ஆய்வாளர் எதையும் மறைக்கவில்லை. இரு எண்களும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. எடுத்தாண்டவர்களே பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டனர். நம் திருத்தும் பணியில் ‘இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றே’ என்னும் விடைத்தாள்களை ஒதுக்கிவைத்துவிட்டு எஞ்சியவற்றை மட்டும் திருத்தும் வசதி எவருக்கும் இல்லை. கடினமாக இருப்பவை அவையே.

தமிழுக்கு வருவோம். ‘பரிக்ஷா’ ஆய்வை மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் இந்திய ஆய்வுப் பிரிவினரும் கார்யா அமைப்பினரும் இணைந்து செய்தனர்; இஷான் வாட்ஸ், சுனயனா சிதாராம் முதலியோர் அதன் ஆசிரியர்கள். 2024இல் அது வெளிவந்தது. முப்பது மொழி மாதிரிகளின் விடைகள் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, வங்காளம், ஒடியா உள்ளிட்ட பத்து மொழிகளில் பெறப்பட்டன. மனிதர் தந்த மதிப்பீடுகள் தொண்ணூறாயிரம். மொழி மாதிரி நடுவர் தந்தவை முப்பதாயிரம். வினாக்களில் உடல்நலம், பணம் பற்றிய பொது வினாக்களோடு அந்தந்த மொழியினரின் பண்பாட்டைச் சார்ந்த வினாக்களும் இருந்தன. மதிப்பிட்டவர்கள் அம்மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோர். ஆங்கிலத்தில் செய்ததைத் தமிழுக்கும் பொருந்தும் என்று ஊகித்துவிடாமல், தமிழரையே கேட்டுச் சோதித்தது இதன் தலையாய சிறப்பு என்பதில் ஐயமில்லை.

இவ்வாய்வு இணை ஒப்பீட்டையும் நேரடிப் புள்ளியிடலையும் ஒருசேரச் செய்து பார்த்தது. நேரடி முறையில் ஒவ்வொரு விடையும் மூன்று நோக்கில் மதிப்பிடப்பட்டது: மொழி இயல்பாக உள்ளதா, கேட்டதைச் செய்துள்ளதா, இல்லாததை இருப்பதாகச் சொல்கின்றதா. முடிவு நாம் மேலே ஐயுற்றதையே உறுதிசெய்கின்றது. இணை ஒப்பீட்டில் மனிதரும் இயந்திரமும் ஓரளவு நன்றாகவே ஒத்துப்போகின்றனர். நேரடிப் புள்ளியிடலில் அந்த ஒத்திசைவு சரிகின்றது. வங்காளம், ஒடியா போன்ற மொழிகளில் அச்சரிவு மிகுதி. ஜிபிடி வகை நடுவர் தன் வகை மாதிரிகள் எழுதிய விடைகளுக்குச் சலுகை காட்டுவதற்கான சான்றும் கிடைத்துள்ளது.

நேரடிப் புள்ளியிடலில் ஒத்திசைவு சரிவதற்குக் காரணம் தேடுவோர் ஒரு முந்தைய ஆய்வையும் படிக்க வேண்டும். ரிஷவ் ஹாடா முதலியோர் 2023இல் வெளியிட்ட அவ்வாய்வு, இருபதாயிரம் மனித மதிப்பீடுகளை வைத்துப் பல மொழிகளில் இயந்திர நடுவரைச் சோதித்தது. தமிழ் அதில் இல்லை. எனினும் அதன் கண்டுபிடிப்பு நமக்கு நேரடியாகப் பயன்படும்: இயந்திரம் உயர்ந்த புள்ளிகளின் பக்கம் சாய்கின்றது. இணை ஒப்பீட்டில் இச்சாய்வு வெளிப்படாது. இரு விடைகளுக்கும் சமமாகத் தாராளம் காட்டினால் எது மேல் என்னும் தீர்ப்பு மாறுவதில்லையே. தனி விடைக்குப் புள்ளி இடும்போதுதான் தாராளம் தன் உருவத்தைக் காட்டும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். சாலாக் செலாத்தானில் ஒரு மாலை நேர வகுப்பு நடப்பதாகக் கொள்வோம். ‘செலாத்தான் என்னும் மலாய்ச் சொல்லின் பொருள் யாது? அச்சொல் இடம்பெறும் இரண்டு இடப்பெயர்களைத் தருக’ என்பது வினா. ஒரு மாணவர் இரண்டே வரியில் எழுதுகின்றார்: செலாத்தான் என்றால் தெற்கு, சாலாக் செலாத்தான், பண்டார் தாசேக் செலாத்தான் ஆகியவை அப்பெயர் கொண்டவை. மற்றொருவர் பத்து வரி எழுதுகின்றார். நடை செம்மையானது; முன்னுரை, முடிவுரை எல்லாம் உண்டு. ஆனால் செலாத்தான் என்றால் நீரிணை என்கின்றார். நீரிணையைக் குறிப்பது ‘செலாட்’ என்னும் வேறு சொல். மலாக்கா நீரிணையை மலாயில் செலாட் மலாக்கா என்பர். ஒலி ஒப்புமையால் வந்த பிழை இது. இந்நாட்டில் வளர்ந்த எந்த ஆசிரியரும் முதல் விடையே சரி என்று நொடியில் சொல்வார்.

இயந்திர நடுவரைச் சோதிக்க இந்த இரு விடைகளே போதும். முதலில் சரியான விடையை மேலும் பிழையானதைக் கீழும் வைத்துக் கேட்க வேண்டும். பின்னர் வரிசையை மாற்றி வைத்து, வேறொன்றையும் மாற்றாமல் மீண்டும் கேட்க வேண்டும். இரு முறையும் ‘முதலில் உள்ளதே சிறந்தது’ என்று சொன்னால் நடுவர் விடையைப் படிக்கவில்லை, இடத்தைப் படிக்கின்றது என்று பொருள். இது கற்பனைக் குறையன்று. செங் முதலியோர் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய விடைகளை வேண்டுமென்றே தேர்ந்து இவ்வாறு சோதித்தபோது, ஜிபிடி-4 நூற்றுக்கு 65 முறைதான் தீர்ப்பில் மாறாமல் நின்றது. 30 முறை முதலில் இருந்த விடைக்கும் 5 முறை இரண்டாவதாக இருந்த விடைக்கும் சாய்ந்தது. கிளாட் முதற்பதிப்பு மாறாமல் நின்றது 23.8 விழுக்காடு மட்டுமே. பெய்யி வாங் முதலியோரின் 2023ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் வியப்பானது. சாட்ஜிபிடியையே நடுவராக வைத்து, வரிசையை மட்டும் தமக்கேற்ப அமைத்ததில், எண்பது வினாக்களில் 66இல் விக்குனா என்னும் சிறிய மாதிரி சாட்ஜிபிடியை வெல்லுமாறு செய்ய முடிந்தது. இவை பழைய பதிப்புகளின் எண்கள். இன்றைய மாதிரிகளுக்கு அப்படியே பொருந்தா. ஆனால் புதிய மாதிரிக்கு அந்நோய் இல்லை என்பதும் சோதித்தபின் சொல்ல வேண்டிய ஒன்றே. ஆய்வாளர் பலர் இன்று கைக்கொள்ளும் நெறி எளியது: இரு வரிசையிலும் வென்ற விடைக்கே வெற்றி, தீர்ப்பு மாறினால் சமம்.

அடுத்தது நீளம். மேற்கண்ட இரண்டு வரி விடையை எடுத்து, புதிய செய்தி எதுவும் சேர்க்காமல், அதே கருத்தை வேறு சொற்களில் மீண்டும் எழுதி ஆறு வரியாக்க வேண்டும். புள்ளி உயர்ந்தால் நடுவர் நீளத்துக்கு விலை கொடுக்கின்றது எனலாம். செங் முதலியோரும் இவ்வாறே செய்தனர். பட்டியல் வடிவில் இருந்த 23 விடைகளை எடுத்து, பட்டியலை வேறு சொற்களால் மறுபடி எழுதி முன்னால் ஒட்டினர். ஜிபிடி-3.5, கிளாட் முதற்பதிப்பு ஆகிய இரண்டும் 91.3 விழுக்காட்டு விடைகளில் ஏமாந்தன. ஜிபிடி-4 ஏமாந்தது 8.7 விழுக்காட்டில். நம் மாணவர்கள் இதனை எவ்வளவு விரைவில் கண்டுகொள்வர் என்பதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்தை நிரப்பினால் புள்ளி உண்டு என்னும் நம்பிக்கை இயந்திரம் வருமுன்னரே நம் தேர்வுக்கூடங்களில் இருந்ததுதான்.

இனி, இக்கட்டுரையின் மையத்துக்கு வருகின்றோம். அதே வகுப்பில் நூறு விடைகளை ஆசிரியர் ஒருவரும் இயந்திரமும் ‘ஏற்புடையது’, ‘ஏற்புடையதன்று’ என்று பிரிப்பதாகக் கொள்வோம். கணக்கை விளக்குவதற்காக நாமே அமைத்த எண்கள் இவை. ஆசிரியர் 80 விடைகளை ஏற்கின்றார், 20ஐ மறுக்கின்றார். இயந்திரம் 95ஐ ஏற்கின்றது, 5ஐ மறுக்கின்றது. இருவரும் ஏற்றவை 79, இருவரும் மறுத்தவை 4. ஆக, நூற்றுக்கு 83 விடைகளில் இருவரும் ஒத்துப்போகின்றனர். 83 விழுக்காடு என்று அறிக்கையில் எழுதினால் நிருவாகம் மகிழும்.

ஆனால் இருவரும் விடையையே பாராமல், தத்தம் தாராள அளவுக்கு ஏற்ப ஏற்பும் மறுப்பும் இட்டிருந்தால்கூட எத்தனை விடைகளில் தற்செயலாக ஒத்துப்போயிருப்பர்? இருவரும் ஏற்பது 0.80ஐ 0.95ஆல் பெருக்கினால் 0.76, இருவரும் மறுப்பது 0.20ஐ 0.05ஆல் பெருக்கினால் 0.01. கூட்டினால் 0.77. அதாவது, நூற்றுக்கு 77 ஒத்திசைவு இலவசமாக வருவது. யேக்கப் கோகன் 1960இல் அறிமுகப்படுத்திய காப்பா அளவை, இந்த இலவசத்தைக் கழித்துவிட்டு எஞ்சியதைக் காட்டுவது:

```
(0.83 - 0.77) / (1 - 0.77) = 0.26
```

முழு ஒத்திசைவு 1, தற்செயல் ஒத்திசைவு 0 என்றிருக்கும் அளவுகோலில் 0.26 என்பது மெலிந்த எண். இதனினும் தெளிவாகப் பேசுவது வேறொரு கணக்கு. ஆசிரியர் மறுத்த 20 விடைகளில் இயந்திரம் மறுத்தவை 4. எஞ்சிய 16 தப்பிச் சென்றன. செலாத்தான் என்றால் நீரிணை என்று எழுதியவர் அந்தப் பதினாறில் இருந்தால், தாம் அறிந்தது சரி என்னும் எண்ணத்தோடு அவர் வீட்டுக்குச் செல்வார். திருத்துதல் என்னும் சொல்லுக்குப் பிழையைச் சரிசெய்தல் என்னும் பொருளும் உண்டு. அப்பணி அவரளவில் நடைபெறவில்லை.

‘பரிக்ஷா’ ஆய்வாளர் ஒத்திசைவு விழுக்காட்டோடு நில்லாமல் காப்பா வகை அளவையையும் பயன்படுத்தியது பாராட்டுக்குரியது. அவர்களின் மற்றொரு முறையும் பின்பற்றத் தக்கது: மனிதருக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான ஒத்திசைவை, மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான ஒத்திசைவுக்கு அருகில் வைத்துப் பார்த்தனர். இரு ஆசிரியர்களே ஒரு விடையில் உடன்படவில்லையாயின் இயந்திரத்தை எதன்மேல் குறை சொல்வது? நம் நாட்டின் எஸ்.பி.எம். தேர்வுக்குத் திருத்துநர்கள் ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் ஒரே விடைத்தாளைத் திருத்திப் பார்த்து, ஏன் ஒருவர் பன்னிரண்டும் மற்றவர் பதினாறும் இட்டார் என்று விவாதிப்பது இதன் பொருட்டே. இயந்திரத்தைச் சோதிக்குமுன் அக்கூட்டத்தை நடத்தியாக வேண்டும். இல்லையேல் மனித மதிப்பீடு என்று நாம் நீட்டுவது ஒரு தனிமனிதரின் விருப்பு வெறுப்பாகவே இருக்கும்.

எனினும் அவ்வாய்வு நமக்கு எட்டாத ஓர் இடமுண்டு. அதன் தமிழ் தமிழ்நாட்டுத் தமிழ், பண்பாட்டு வினாக்கள் இந்தியப் பண்பாட்டு வினாக்கள், மதிப்பிட்டோர் இந்தியர். பாசார் மாலாம், தாமான், லோரி முதலிய சொற்கள் இயல்பாகப் புழங்கும் கிள்ளான் பள்ளத்தாக்கு மாணவரின் கட்டுரையை அந்த நடுவர் எவ்வாறு மதிப்பிடும் என்பதற்கு அதில் விடை இல்லை. இது அதன் குற்றமன்று. அவர்கள் அதனைக் கேட்கவில்லை. ஆனால் தமிழில் சோதிக்கப்பட்டது என்னும் ஒரே காரணத்தால் நாமும் அதனை நம்பிவிடக் கூடாது. இரண்டு நோக்கில் இச்சோதனை இங்கே நடைபெற வேண்டும். ஒன்று, சொல்வழக்கு. ஒரே விடையை இரு படிகளாக்கி, ஒன்றில் ‘இரவுச் சந்தை’ என்றும் மற்றொன்றில் ‘பாசார் மாலாம்’ என்றும் எழுதி, வேறெதையும் மாற்றாமல் புள்ளி கேட்க வேண்டும். புள்ளி குறைந்தால், அக்குறைவு நாம் விரும்பித் தரும் தண்டனையா, இயந்திரம் தானாகத் தரும் தண்டனையா என்பதை ஆசிரியர் குழு முடிவு செய்யட்டும். மற்றொன்று, மலாய் கலந்த பொருளறிவு. செலாத்தான் வினா போன்றவை.

ஆய்வு நடத்த விரும்புவோர்க்கு அளவு பற்றியும் ஒரு சொல். ஆயிரம் விடைகள் தேவையில்லை. நூற்றைம்பது விடைகள், மூன்று ஆசிரியர்கள், ஒருவர் இட்ட புள்ளியை மற்றவர் பாராமை ஆகியன போதும். அந்நூற்றைம்பதில் பிழையான விடைகள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இருக்குமாறு தேர்ந்துகொள்வது முக்கியம். நல்ல விடைகளே நிரம்பிய தொகுப்பில் தாராள நடுவர் எப்போதும் நன்றாகத் தோன்றும். அவ்வாறு தேர்ந்தால் ஒத்திசைவு விழுக்காடு உண்மையான வகுப்பின் விழுக்காடாக இராது என்பதையும் அறிக்கையில் குறிப்பிட வேண்டும். மாதிரி விடையை நடுவரிடம் முன்கூட்டியே கொடுப்பது பெரிதும் உதவும். செங் முதலியோர் கணித விடைகளில் இதனைச் செய்தபோது, இருபதில் பதினான்காக இருந்த தவறான தீர்ப்புகள் மூன்றாகக் குறைந்தன. ஆசிரியர் எழுதிய மாதிரி விடை உடனிருந்தால் செலாத்தானும் செலாட்டும் குழம்புவதற்கு வாய்ப்புக் குறைவு. மாணவருள் எவரேனும் தம் விடையை ஒரு மொழி மாதிரியைக் கொண்டு எழுதியிருக்கக்கூடும் என்றால், அதே வகை மாதிரியை நடுவராக வைக்கலாகாது. தன் நடையைத் தானே மெச்சும் சாய்வு ‘பரிக்ஷா’வில் தமிழையும் உள்ளடக்கிய சோதனையிலேயே கண்டறியப்பட்டது.

இவ்வளவும் செய்தபின் இயந்திரம் எங்கே உதவும் என்று கேட்டால், இரண்டு விடைகளுள் எதனை வகுப்பில் முன்மாதிரியாக வாசித்துக் காட்டலாம் என்று தேர்வதற்கும், ஆசிரியர் இட்ட புள்ளியிலிருந்து வெகுவாக விலகும் தாள்களை மறுபார்வைக்கு எடுத்து வைப்பதற்கும் அதனை ஏற்கலாம் என்பது நம் கருத்து. மறுபார்வைக்கு வரும் தாள்களோடு, இயந்திரம் முழுப் புள்ளி தந்தவற்றிலும் பத்தில் ஒன்றை ஆசிரியர் எடுத்துப் படிக்க வேண்டும். தப்பிச் சென்ற பதினாறும் அங்கேதான் இருக்கும்.